எய்தியது விலக்கலா, எய்தியதன்மேல் சிறப்பு விதியா?
பயிற்சிக் கைநூலைத் தயாரித்த குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அரச அலுவலர்களுக்கும் இளம் சட்டத்தரணிகளுக்கும் பயிற்சியளிக்க நீங்கள் தயாரித்த கைநூலில் ஒரு வாக்கியம் இருக்கிறது. “ஆயுத மோதல் நடக்கும் காலத்தில் சர்வதேச மனிதாபிமானச் சட்டமே சிறப்புச் சட்டம், ஆகவே மனித உரிமைச் சட்டம் அக்காலத்துக்கும் அந்த நிலப்பரப்புக்கும் பொருந்தாது.” இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் தனிக் கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதே கைநூல் அடுத்த பயிற்சிக்கும் அச்சாகிறது என்று அறிந்த பிறகுதான் இதைப் பொதுவெளியில் வைக்கிறேன்.

வன்னியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்கொணர்வு மனுக்களில் முன்னிலையாகி வருகிறேன். என் கட்சிக்காரர்களில் ஒரு தாய், 2009 மே மாதத்தில் தன் மகனைத் தன் கண் முன்னே இராணுவத்திடம் ஒப்படைத்தவர். பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்ப் போத்தலை அவன் கையில் கொடுத்ததாகச் சொல்வார். போத்தலின் மூடி தன் கையிலேயே தங்கிவிட்டதை அன்று இரவுதான் பார்த்தாராம். நீல நிற மூடி. அதை இன்னும் வைத்திருக்கிறார். குடும்ப அட்டையில் மகனின் பெயரை வெட்டவும் அவர் சம்மதிக்கவில்லை.

அண்மையில் அவர் ஓர் அலுவலகத்துக்குப் போய், மகனைப் பற்றிய பதிவுகளைக் கேட்டிருக்கிறார். உங்கள் பயிற்சியை முடித்து வந்த இளம் அலுவலர் ஒருவர் மரியாதையாகவே பேசி, கைநூலைத் திறந்து, அந்த வாக்கியத்தைக் காட்டியிருக்கிறார். “அம்மா, அது போர் நடந்த இடம். அங்கே வேறு சட்டம். நீங்கள் கேட்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை.” அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. கற்பித்ததைத்தான் அவர் சொன்னார். கற்பித்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

உங்கள் வாக்கியத்துக்கு ஆதாரமாக ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 1996 ஜூலை 8 அன்று அணுவாயுதங்கள் பற்றி வழங்கிய ஆலோசனைக் கருத்தைக் காட்டியிருக்கிறீர்கள். அதன் 25ஆம் பந்தியில் எழுத்தறிவு இல்லாதவருக்கும் விளங்கக்கூடிய ஒரு வரிசை உண்டு. குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச உடன்படிக்கை தரும் பாதுகாப்பு போர்க்காலத்தில் நின்றுபோவதில்லை என்று மன்றம் முதலில் சொல்கிறது. அவசரகாலத்தில் சில உரிமைகளை விலக்கிவைக்க 4ஆம் உறுப்புரை இடம்தருகிறது, ஆனால் உயிர் வாழும் உரிமை அவற்றில் ஒன்றல்ல என்று அடுத்துச் சொல்கிறது. எதேச்சையாக உயிர் பறிக்கப்படாதிருக்கும் உரிமை சண்டை நடக்கும்போதும் பொருந்தும் என்கிறது. அதன் பிறகுதான், எது எதேச்சையானது என்பதை அளக்கும் கோலைச் சிறப்புச் சட்டத்திலிருந்து, அதாவது போரை நெறிப்படுத்தும் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நீங்கள் எடுத்தாண்டிருப்பது இந்தக் கடைசித் துண்டை மட்டும். மனித உரிமை இருக்கிறது, அளவுகோல் மட்டும் வேறிடத்திலிருந்து வருகிறது என்று மன்றம் சொன்னது. உரிமையே இல்லை என்று உங்கள் கைநூல் சொல்கிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழில் படித்தவர்கள் தவறவிட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நம் இலக்கண உரையாசிரியர்கள் ஒவ்வொரு சூத்திரத்தின் தலையிலும் அது என்ன வேலை செய்கிறது என்று குறித்துவைத்தார்கள். முன்னே வந்த பொது விதியை ஓரிடத்தில் தடுத்தால் அது ‘எய்தியது விலக்கல்’. பொது விதி அப்படியே நிற்க, அதன்மேல் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தால் அது ‘எய்தியதன்மேல் சிறப்பு விதி’. பொது விதி எட்டாத இடத்துக்குப் புதிதாக விதி தந்தால் ‘எய்தாதது எய்துவித்தல்’. சிறப்பு விதி என்று கண்டவுடன் பொது விதியை அழித்துவிட்டதாக எந்த மாணவரும் எழுதமாட்டார். எழுதினால் ஆசிரியர் விடமாட்டார். ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணைக்குழுவின் ஆய்வுக்குழு 2006இல் சட்டத் துறைகளின் பிளவு பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. சிறப்பு விதி சில வேளை பொது விதிக்கு விலக்காக வரும். சில வேளை பொது விதியை ஒரு சூழலில் விரித்துச் சொல்வதாக வரும். எது என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். ‘போர்’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு முழுச் சட்டத்தொகுதி ஒன்றை மூடிவைக்க அந்தக் கோட்பாடு இடம்தரவில்லை.

முதலில், உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சண்டை நடக்கும் களத்தில், ஆயுதம் ஏந்திப் போரிடும் எதிரியைச் சுடும் கேள்வியில் இரண்டு சட்டங்களும் உண்மையாகவே முரண்படுகின்றன. மனித உரிமைச் சட்டத்தின்படி பொலிஸ்காரர் ஒருவர் சுடுவதற்கு முன், கைதுசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் உயிர்போகச் சுடலாம். மனிதாபிமானச் சட்டம் போரிடுபவரை அவர் போரிடுபவர் என்பதற்காகவே இலக்காக்க அனுமதிக்கிறது. சம அளவு என்ற சொல்லும் இரண்டிலும் ஒன்றல்ல. மனித உரிமைச் சட்டத்தில் சுடப்படுபவரின் உயிரும் தராசில் ஏறும். மனிதாபிமானச் சட்டத்தில் தராசில் ஏறுவது பக்கத்தில் இருக்கும் பொதுமக்களின் உயிரும் உடைமையும்தான். இங்கே சிறப்புச் சட்டத்தின் அளவுகோல் முந்திக்கொள்ளும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே போராளி துப்பாக்கியைக் கீழே போட்டுக் கைகளை உயர்த்திய அந்தக் கணத்தில் முரண்பாடு மறைந்துவிடுகிறது. 1949 ஜெனீவாச் சமவாயங்கள் நான்குக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை, ஆயுதத்தைக் கைவிட்டவரை மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்கிறது. கொலையையும் சித்திரவதையையும் தடுக்கிறது. மனித உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. முரண்பாடு இல்லாத இடத்தில் எது எதை வெல்லும் என்ற கேள்வியே எழாது. கட்சிக்காரரின் மகன் பஸ்ஸில் ஏறியது இந்தக் கணத்துக்குப் பிறகு.

அதற்கு அடுத்த படி, தடுத்துவைத்தல். உங்கள் கைநூல் மிக மோசமாகச் சறுக்கும் இடம் இது. பிரித்தானியா சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன்.

ஹசன் எதிர் ஐக்கிய இராச்சியம் என்ற வழக்கின் இளைஞரைப் பிரித்தானியப் படையினர் 2003 ஏப்ரல் 23 அன்று ஈராக்கின் தெற்கே அவருடைய குடும்ப வீட்டில் பிடித்தார்கள். தேடிப் போனது அவருடைய அண்ணனை. பூக்கா முகாமில் விசாரித்தார்கள்; போராளியுமல்ல, அச்சுறுத்தலுமல்ல என்று முடிவுசெய்து மே 2ஆம் திகதி அளவில் விடுவித்தார்கள். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில், போர்க்காலத்தில் தடுப்புக்காவலைப் பொறுத்தவரை ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தில் ஆள் சுதந்திரத்தைக் காக்கும் 5ஆம் உறுப்புரை மனிதாபிமானச் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்டுவிட்டது என்று அரசு வாதிட்டது. உங்கள் வாக்கியத்தின் ஆங்கில முன்னோடி என்றே அந்த வாதத்தைச் சொல்லலாம். 2014 செப்டெம்பர் 16 அன்று அந்த நீதிமன்றத்தின் பெருமன்றம் அதை ஏற்கவில்லை. 5ஆம் உறுப்புரை தொடர்ந்து பொருந்துகிறது, ஆனால் இரு நாடுகளுக்கிடையிலான போரில் மூன்றாம், நான்காம் ஜெனீவாச் சமவாயங்கள் தரும் தடுத்துவைக்கும் அதிகாரத்தோடு இணைத்து அதைப் படிக்க வேண்டும் என்றது. எதேச்சையாக இருக்கக் கூடாது, தகுந்த அமைப்பு ஒன்று குறித்த காலத்தில் மீளாய்வு செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவற்றை அளந்து பார்த்த பிறகே பெரும்பான்மை நீதியரசர்கள் மீறல் இல்லை என்றார்கள். அரசு வென்றது, ஆனால் அரசின் அந்த வாதம் தோற்றது.

இரண்டாவது வழக்கு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில், 2010 ஏப்ரல் 7 அன்று பிடிக்கப்பட்ட செர்டார் முகமதுவினுடையது. ஜூலை 25 வரை, மூன்றரை மாதத்துக்கும் மேலாக அவரைப் பிரித்தானியப் படையினர் வைத்திருந்தார்கள். இது இரு நாடுகளுக்கிடையிலான போரல்ல. ஆப்கான் அரசுக்குத் துணையாக, ஆயுதக் குழு ஒன்றுக்கு எதிராக நடந்த மோதல். இலண்டன் உயர் நீதிமன்றம் 2014இலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2015இலும் மனிதாபிமானச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டன. இத்தகைய மோதலில் யாரைத் தடுத்துவைக்கலாம், எத்தனை நாள், யார் மீளாய்வு செய்வது என்று அந்தச் சட்டம் எதையும் வகுத்துத் தரவில்லை. பிடிபட்டவரை எப்படி நடத்துவது என்றுதான் சொல்கிறது. தடுத்துவைப்பதற்கான அதிகாரத்தை அதிலிருந்து எடுக்க முடியாது என்று தீர்த்தன. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. பாதுகாப்புச் சபையின் தீர்மானம் தடுத்துவைக்கும் அதிகாரத்தைத் தருகிறது என்று பெரும்பான்மையினர் கொண்டார்கள். இருந்தும், தடுப்பை எதிர்த்துக் கேட்கும் நியாயமான, பக்கச்சார்பற்ற வழி அவருக்குத் தரப்படவில்லை என்று அவர்களும் கண்டார்கள்.

இந்த இரண்டையும் நம் மண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இங்கே நடந்தது உள்நாட்டு ஆயுத மோதல். போர்க்கைதிகளுக்கான மூன்றாம் சமவாயத்தின் நீண்ட விதிகள் இங்கே இயங்கவில்லை. உள்நாட்டு மோதல்களுக்கென ஜெனீவாச் சமவாயங்களோடு சேர்க்கப்பட்ட இரண்டாம் மேலதிக நெறிமுறையில் இலங்கை சேரவேயில்லை. எஞ்சுவது பொது உறுப்புரை 3உம், நாடுகளின் வழக்கத்தால் உருவான வழக்காற்று விதிகளும். தடுத்துவைப்பதற்கான காரணம், காலம், நீதிமன்ற மீளாய்வு ஆகிய கேள்விகளில் அந்தச் சிறப்புச் சட்டம் பேசவேயில்லை. பேசாத சட்டம் பேசும் சட்டத்தை எப்படி விலக்கும்? 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் எதேச்சையான தடுப்புக்காவலைத் தடுக்கும் 9ஆம் உறுப்புரையும், நம் அரசியலமைப்பு தரும் ஆட்கொணர்வு எழுத்தாணையும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. அவசரகாலத்தில் 9ஆம் உறுப்புரையிலிருந்து விலகலாமே என்று கேட்பீர்கள். விலகும் அரசும், தடுப்பு சட்டபூர்வமானதா என்று நீதிமன்றம் தீர்ப்பதற்கான வழியைக் குறைக்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைகள் குழு 2001இல் தன் 29ஆம் பொதுக் கருத்தில் சொல்லியிருக்கிறது. சித்திரவதையைத் தடுக்கும் 7ஆம் உறுப்புரையிலிருந்தும் உயிருக்கான 6ஆம் உறுப்புரையிலிருந்தும் விலக எக்காலத்திலும் இடமில்லை.

பிடித்தவரைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் அளவுகோல் கிடையாது. வலிந்து காணாமல் ஆக்குவதைத் தடுக்கும் விதியைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2005இல் வெளியிட்ட வழக்காற்றுச் சட்டத் தொகுப்பு 98ஆம் விதியாகப் பதிந்திருக்கிறது. காணாமற் போனவர்கள் பற்றிய தகவலைக் குடும்பத்துக்குத் தரும் கடமை 117ஆம் விதி. இவை நீங்கள் சிறப்புச் சட்டம் என்று போற்றும் மனிதாபிமானச் சட்டத்தின் விதிகள். மறுபுறம், 2016இல் இலங்கை ஏற்ற வலிந்து காணாமலாக்கல் சமவாயம் தன் முதல் உறுப்புரையிலேயே, போர்நிலை உள்ளிட்ட எந்தச் சூழ்நிலையையும் காரணமாகக் காட்ட முடியாது என்கிறது. உண்மையை அறியும் உரிமையை 24ஆம் உறுப்புரையில் தருகிறது. அந்த அலுவலர் “இல்லை” என்று சொன்ன உரிமை இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கைநூலில் ஒரு பக்கத்திலும் இல்லை.

நீங்கள் காட்டும் இன்னொரு தீர்ப்பையும் விட்டுவிட முடியாது. ஜோர்ஜியா எதிர் ரஷ்யா, இரண்டாம் வழக்கு, 2021 ஜனவரி 21. சண்டை உச்சத்தில் இருந்த 2008 ஆகஸ்ட் 8 முதல் 12 வரையான ஐந்து நாட்களில் ரஷ்யாவுக்கு ஜோர்ஜிய மண்ணில் நியாயாதிக்கம் இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதை எடுத்து, ‘போர்க்களத்தில் மனித உரிமை இல்லை’ என்று பொதுமைப்படுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பில் சிறப்புச் சட்டம் என்ற காரணத்தால் அந்த முடிவு வரவில்லை. அடுத்த நாட்டின் மண்ணில் குழப்பமான சண்டைக்கு நடுவே ஓர் அரசுக்குக் கட்டுப்பாடு இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. இலங்கை அரசு தன் சொந்த மண்ணில் நடத்திய போருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அதே தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப் படித்திருந்தால், சண்டை நடந்த பகுதியின் நகரான ஸ்கின்வாலியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சுமார் 160 ஜோர்ஜியப் பொதுமக்களை ஆகஸ்ட் மாதத்தில் அடைத்துவைத்ததற்காக, அதே ரஷ்யா அதே நீதிமன்றத்தால் மீறல் செய்ததாகக் காணப்பட்டதையும் பார்த்திருப்பீர்கள். அடைத்துவைக்கப்பட்டவர் யாருடைய கையில் இருக்கிறார் என்பதில் குழப்பம் ஏது? ரஷ்யாவுக்கு எதிராக உக்ரேனும் நெதர்லாந்தும் தொடுத்த வழக்கில், 2025 ஜூலை 9 அன்று, திட்டமிட்டு நடத்தப்படும் தாக்குதல்களுக்கு அந்தக் ‘குழப்பம்’ என்ற காரணம் பொருந்தாது என்று பெருமன்றம் நகர்ந்தும்விட்டது. உங்கள் கைநூலின் புதிய அச்சில் அது ஏன் இல்லை?

நம் நீதிமன்றங்கள் உங்கள் வாக்கியத்தின்படி நடக்கவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். 2009 மே 18 அன்று முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்கள் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களில் ஒன்றில், வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில், சரணடைந்தவரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு உத்தரவிட்டது. அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுகூட, சரணடைந்த பின் காணாமற் போனவர்கள் பற்றி விசாரிக்க வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. நீதிமன்றமும் அரசின் ஆணைக்குழுவும் கேட்கத் தகுந்தது என்று ஏற்ற கேள்வியை, ஒரு கைநூலின் வரியைக் கொண்டு கவுண்டரிலேயே திருப்பியனுப்பியிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

அந்த வாக்கியத்தை நீக்குங்கள். அதன் இடத்தில், சிறப்பு விதி ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே பொருந்தும் என்பதையும், இரு சட்டங்களும் முரண்படாத இடத்தில் இரண்டும் சேர்ந்தே நிற்கும் என்பதையும் எழுதுங்கள். 1996ஆம் ஆண்டுக் கருத்தின் 25ஆம் பந்தியை முதல் வரியிலிருந்து முழுவதுமாகத் தமிழில் தாருங்கள். உள்நாட்டு மோதலில் தடுத்துவைத்தல் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று சேருங்கள். அதில் ஹசன் வழக்கையும் செர்டார் முகமது வழக்கையும் ஒன்றாக வைத்துக் கற்பியுங்கள். ஹசன் வழக்கை மட்டும் கற்பித்தால், நம் நாட்டில் இல்லாத அதிகாரம் ஒன்று இருப்பதாக மாணவர் நம்பிவிடுவார். காணாமலாக்கப்பட்டோர் குடும்பத்தினர் பதிவு கேட்டு வரும்போது அலுவலர் என்ன செய்ய வேண்டும், மறுப்பதானால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தர வேண்டும் என்ற நடைமுறைக் குறிப்பையும் சேருங்கள்.

ஏற்கெனவே பயிற்சி முடித்துப் போனவர்களுக்குத் திருத்தச் சுற்றறிக்கை ஒன்று போக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. புதிய அச்சு சரியாக வந்தாலும் பழைய பிரதி மேசைகளில் இருக்கும். அந்தப் பக்கம் மறுபடியும் ஒரு தாயின் முன் திறக்கப்படும்.

அடுத்த பயிற்சி தொடங்குமுன் எழுத்தில் பதில் தாருங்கள். வரைவைப் பார்க்க அழைத்தால், என் செலவில் வந்து, வழக்கேடுகளுடன் உங்கள் முன் உட்காரத் தயாராக இருக்கிறேன். அந்தத் தாயின் விண்ணப்பத்தை மறுபடியும் எழுதி, நான் மேலே சொன்ன உறுப்புரைகளையும் விதிகளையும் குறிப்பிட்டு, வரும் திங்கட்கிழமை அதே அலுவலகத்தில் கொடுக்கிறோம். அதன் பிரதி ஒன்று உங்களுக்கும் வரும்.

இப்படிக்கு,
வன்னியில் தொழில் புரியும் சட்டத்தரணி ஒருவர்